கம்பு பிடிப்பவருக்கே இலாபம்: நெடுங்கேணியில் ஒரு சிலம்ப வகுப்பின் கணக்கு



வவுனியாவில் எனக்கு இரும்பு, வன்பொருள் வியாபாரம். நெடுங்கேணிக்கு வாரம் ஒரு தடவை எமது லொறி போகும். வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் புளியங்குளம் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பிப் போனால் மொத்தம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். இந்த வழியில்தான், 2025 ஆம் ஆண்டு காலபோக அறுவடை முடிந்த கையோடு, பிள்ளைகளுக்கான சிலம்ப வகுப்பு ஒன்றில் நான் பணம் போட்டேன். அதில் கிடைத்த படிப்பினையையே இவ்வாரம் எழுதுகிறேன். இதே யோசனையோடு பல ஊர்களில் நம்மவர்கள் இருப்பதால், கணக்கை மறைக்காமல் தருகிறேன்.

ஏன் சிலம்பம், கபடி ஏன் இல்லை என்று பலர் கேட்டார்கள். வன்னியில் கபடியை விளையாட்டுக் கழகங்களும் பாடசாலைகளும் இலவசமாகவே பழக்குகின்றன. தம்பி மாலையில் மைதானத்துக்குப் போனால் அண்ணன்மார் சேர்த்துக்கொள்வார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு மாதக் கட்டணம் கேட்க முடியாது. கம்பு அப்படியல்ல. அதற்கு ஆசிரியர் வேண்டும், முறை வேண்டும், பொருள் வேண்டும். ஆகவே பெற்றோர் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

எங்கள் குடும்பத்துக்கும் இது புதிதல்ல. வாப்பாவின் ஊர் கிழக்கில். அங்கே நம்மவர் மத்தியில் சீனடியும் சிலம்படியும் இருந்ததை அவர் சொல்வார். அண்ணாவிமார் பழக்குவார்கள், அவர் பார்த்த காலத்தில் மாதக் கட்டணம் என்ற பேச்சு இருக்கவில்லை, பழகி முடிந்ததும் சன்மானம் கொடுப்பார்கள் என்பார். அந்தப் பழைய ஏற்பாட்டின் அருமை எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் விளங்கியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் காணொளிகளைப் பார்த்த பெற்றோர் சிலர், "முதலாளி, சான்றிதழ் கிடைக்குமோ?" என்றே முதலில் கேட்டார்கள். சான்றிதழ் தருவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. சிலம்பத்தில் சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகள் பல. எந்தச் சான்றிதழை எந்த அலுவலகம் ஏற்கும் என்று எழுத்தில் தெரியாமல் அதை விற்பனைப் பொருளாக்குவது, உத்தரவாதம் இல்லாத பொருளுக்கு உத்தரவாத அட்டை கொடுப்பதற்குச் சமம்.

இனி முதல் கணக்கைப் பார்ப்போம்.

வவுனியாவிலிருந்து ஒரு மாஸ்டரை அமர்த்தினேன். வாரம் மூன்று நாள், மாலை இரண்டு மணித்தியாலம். ஒரு நாளைக்கு 2,000 ரூபா, மாதம் 12 நாளைக்கு 24,000. மோட்டார் சைக்கிளில் போய்வர 80 கிலோமீற்றர். இரண்டு லீற்றர் பெற்றோல், சுமார் 600 ரூபா. அது மாதம் 7,200. கரப்பந்தாட்டத் திடல் ஒன்றைப் பாவிக்க, துப்புரவுச் செலவாக 3,000. ஆக மாதச் செலவு 34,200 ரூபா. தொடக்க முதலீடாகக் கம்புகளுக்கும், முதலுதவிப் பெட்டிக்கும், சுண்ணாம்புத் தூளுக்கும், துணிப் பதாகைக்கும் சேர்த்து 25,000.

பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபா. முதல் மாதம் 42 பிள்ளைகள் சேர்ந்தார்கள். 42,000 ரூபா கைக்கு வந்தது. செலவு போக 7,800 மிச்சம். நான்கு மாதத்துக்குள் முதலீடு திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாம் மாதம் 31 பேர். 3,200 நட்டம். மூன்றாம் மாதம் 19 பேர். 15,200 நட்டம். முதல் மாத மிச்சத்தைக் கழித்தாலும் மூன்று மாதத்தில் 10,600 ரூபா போய்விட்டது. தொடக்க முதலீடு தனி.

வியாபாரத்தில் வாடிக்கையாளர் குறைந்தால் விலையையோ சரக்கையோ பார்ப்போம். இங்கே நான் பார்க்கவேண்டியிருந்தது நிலத்தை.

கம்பு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிடுவோம். கம்பின் நீளம் பிள்ளையின் புருவம் அல்லது நெற்றி மட்டம் இருக்கவேண்டும் என்பது பழக்கம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ நாலரை அடி. பிடித்த கைக்கு வெளியே மூன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். கையின் நீளம் இரண்டு அடி. வீசும்போது பிள்ளையைச் சுற்றி ஐந்தரை அடிக்குக் கம்பு போகும். பக்கத்துப் பிள்ளைக்கும் அதே அளவு. ஆக இருவர் நிற்கும் இடத்துக்கு நடுவே 11 அடி. கால் ஒரு எட்டுத் தவறினால் என்ன செய்வது என்று ஓர் அடி கூட்டி, 12 அடி வைப்பதே சரி.

கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றருக்கு 9 மீற்றர். அடிக் கணக்கில் 59க்கு 29. அதற்குள் இரண்டு வரிசையில் ஐந்து ஐந்தாக 10 பிள்ளைகள் நிற்கலாம். அவ்வளவுதான். நான் 42 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு நேரத்தில் 21 பேரை மூன்று வரிசையில் நிறுத்தினேன். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே எட்டு அடிதான் இருந்திருக்கும்.

திடலைத் தாண்டிப் பின்னால் உள்ள பற்றையை வெட்டி இடம் எடுக்கலாமே என்று ஒருவர் சொன்னார். வன்னியில் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக் காணியைப் பிள்ளைகளுக்குத் திறப்பதற்கு முன், அது கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியா என்று கிராம அலுவலரிடம் கேட்டே ஆகவேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் மாதக் கடைசி வாரம் அது நடந்தது. ஒரு பையன் வீசிய கம்பு பக்கத்துப் பையனின் கம்பில் பட்டு, கணுவில் பிளந்து, சிலாம்பு ஒன்று தெறித்தது. அந்தப் பிள்ளையின் புருவத்துக்கு மேல் வெட்டு. மூன்று தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். நான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய தாய் என்னைத் திட்டவில்லை. "முதலாளி, நீங்கள் கம்பை நல்ல கம்பு என்றுதானே சொன்னீங்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஏனென்றால் கம்பு என் பிழை. 45 கம்புகளை ஒன்று 350 ரூபாவுக்கு மொத்தமாக எடுத்து, இரண்டு மாதம் கடையின் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தேன். குழாய்க்கும் கம்பிக்கும் அது சரி. மூங்கில் அந்தச் சூட்டில் காய்ந்து, கணுவுக்குக் கணு மயிரிழை வெடிப்பு விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. பின்னர் மாஸ்டர் சோதிக்கும் முறையைக் காட்டித் தந்தார். கம்பை நிமிர்த்திப் பிடித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விடவேண்டும். நல்ல கம்பு கணீர் என்று ஒலிக்கும். வெடித்த கம்பு அடைத்த குரலில் "டப்" என்னும், கையில் ஒரு நடுக்கமும் தெரியும். அடுத்து, பருத்தித் துணியால் கம்பை நுனி முதல் அடி வரை உருவவேண்டும். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே சிலாம்பு எழும்பியிருக்கிறது. கம்புக்கடியில் மஞ்சள் மா கொட்டிக் கிடந்தால் உள்ளே வண்டு துளைத்துவிட்டது. அதை விறகுக்குத்தான் கொடுக்கலாம். அன்றிரவு 45 கம்பையும் சோதித்தோம். 17 கம்பு தேறவில்லை.

நல்ல கம்புக்கு வழி இதுதான். மூன்று வயதுக்கு மேல் முற்றிய மூங்கிலை, உள்ளே ஓட்டை சிறியதாகவும் சுவர் தடித்ததாகவும் பார்த்து எடுக்கவேண்டும். சில வாரம் தண்ணீரில் ஊறப் போட்டால் வண்டை இழுக்கும் மாச்சத்து கழியும். பிறகு நிழலில் காயவிட்டு, நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்க்கவேண்டும். வன்னியில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எண்ணெய் பூசினால் நல்லது. சிறு பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் பிரம்பு போதும். அது வளையும், பிளந்து தெறிப்பது குறைவு.

கம்பு என் பிழை என்றேன். ஆனால் இரவெல்லாம் கணக்குக் கொப்பியைப் புரட்டியபோது அதைவிடப் பெரிய பிழை தெரிந்தது. செலவு 34,200. கட்டணம் 1,000. ஆகவே நட்டமில்லாமல் இருக்க 35 பிள்ளைகள் வேண்டும். திடலிலோ ஒரு நேரத்துக்குப் 10 பேர், இரண்டு நேரத்துக்கு 20 பேர்தான் பாதுகாப்பாக நிற்கலாம். அதாவது என் திட்டத்தில் இலாபம் வரவேண்டுமென்றால் பிள்ளைகளை நெருக்கித்தான் ஆகவேண்டும். பிள்ளைகளை நெருக்காவிட்டால் நட்டம். அந்தப் பையனின் நெற்றியில் விழுந்த தையல் என் கணக்குக் கொப்பியிலேயே எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

கம்பு வகுப்புத் தொடங்கும் எவரும் முதலில் போடவேண்டிய கணக்கு இது. நிலத்தை அளந்து, 12 அடி இடைவெளியில் எத்தனை பேர் என்று எண்ணி, அதை ஒரு நாளில் நடத்தக்கூடிய வகுப்புகளால் பெருக்குங்கள். அதுவே உங்கள் கொள்ளளவு. நட்டமில்லாமல் இருக்கத் தேவையான பிள்ளைகள் அந்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டுக்கு மேல் வந்தால் தொடங்காதீர்கள். மிச்சமுள்ள ஒரு பங்கு, வராத பிள்ளைகளுக்கும் கட்டணம் பிந்துகிறவர்களுக்குமான இடம்.

இனி வருகைப் பதிவேடு. விலகிய 23 பேரில் 11 பேர் அந்தக் காயத்தோடு போனவர்கள். மற்ற 12 பேர் மெல்ல மெல்லப் போனவர்கள். பதிவேட்டைப் பார்த்தால் அந்தப் 12 பேரும் விலகுவதற்கு முன் தொடர்ந்து இரண்டு நாள் வராமல் இருந்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. இரண்டு தாய்மாரிடம் விசாரித்தேன். ஒருவர், "ஒரே வீச்சைத்தான் ஒவ்வொரு நாளும் சுத்துறான், அவனுக்கு அலுத்துப்போச்சு" என்றார். மற்றவர், ரியூஷன் நேரமும் இதுவும் மோதுகிறது என்றார்.

21 பேர் நிற்கும் வகுப்பில் மாஸ்டரால் யாரையும் அடுத்த பாடத்துக்கு ஏற்ற முடியாது. அதனால் எல்லோரும் ஒரே வீச்சில் நிற்கிறார்கள். 10 பேர் என்றால் ஒவ்வொருவரின் காலையும் பார்க்கலாம். மாஸ்டர் படியை இப்படி வைத்தார்: முதலில் வணக்கமும் நிலையும், கம்பில்லாமல் காலடியும், பிறகு ஒரு கை வீச்சு, பிறகு இரு கை மாற்றி வீசுவது, பிறகு காலடியோடு திரும்பி வீசுவது. எதிராளியோடு கம்பு மோதுவது முதல் ஆறு மாதத்தில் இல்லை. நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோர் முன்னிலையில் தன் படியைச் செய்து காட்டும். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே தொலைபேசி அழைப்புப் போகும். செலவில்லாத இந்த இரண்டும்தான் பிள்ளைகளை நிறுத்தின.

ஜூன் மாதம் ஏற்பாட்டை மாற்றினோம். வாரம் மூன்று நாளை விட்டு, சனி, ஞாயிறு இரண்டு நாள். சனி காலை இரண்டு வகுப்பு, மாலை ஒன்று. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை இருப்பதால் பிள்ளைகளுக்கு மூன்று வகுப்பும் மாலையில். வகுப்புக்குப் 10 பேர், மொத்தம் 30 இடம். இரண்டு நாளும் அதிகாலை 6 மணிக்கு பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு. அரச ஊழியர்கள், கடைக்காரர்கள், இரண்டு ஆசிரியைகள் என 8 பேர் சேர்ந்தார்கள். சீனி வருத்தம், இடுப்புச் சதை, முதுகு நோவு என்று வந்தவர்கள். இவர்களுக்குப் போட்டியும் வேண்டாம், அலங்கார வீச்சும் வேண்டாம். கால்மணி நேரம் மூட்டுகளைத் தளர்த்தி, காலடியும் மெதுவான வீச்சும் போதும். தோளைத் தலைக்கு மேல் தூக்கும்போது நோகிறது என்பவரை மருத்துவரைப் பார்க்காமல் கம்பு வீசவிடக் கூடாது. அந்த நோவைக் கம்பு கூட்டிவிடும். இவர்கள் மாதம் 1,500 தந்தார்கள். பிள்ளைகளைப் போல அலுத்துப் போகவில்லை, பிந்தாமலும் கட்டினார்கள்.

புதிய கணக்கு: மாஸ்டருக்கு நாளைக்கு 3,000 வீதம் 8 நாளைக்கு 24,000. பெற்றோல் 4,800. திடல் 3,000. மொத்தம் 31,800. பெரியவர்களின் 12,000 போக மீதி 19,800ஐ, அதாவது 20 பிள்ளைகளின் கட்டணத்தை, எடுத்தால் நட்டமில்லை. 30 இடத்தில் 20. மூன்றில் இரண்டு. 24 பிள்ளைகள் வந்த மாதம் 4,200 ரூபா மிச்சம் வந்தது.

பார்த்தீர்களா, வெறும் 4,200. அதுவும் பன்னிரண்டு மாதம் இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். திடல் சேறாகிவிடும், ஈரக் கம்பு கையில் வழுக்கும். புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சைக் காலங்களில் இடம் காலியாகும். வருடத்தில் ஒன்பது மாதம் நடந்தால் பெரிய காரியம். ஒன்பது மாதத்துக்கு 37,800. தொடக்க முதலீடும் முதல் மூன்று மாத நட்டமும் 35,600. ஆக, வருடம் முழுவதும் நன்றாக நடந்தாலும் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்ததோடு சரி. இதே பணத்தைக் குழாயில் போட்டிருந்தால் இதைவிடக் கூடுதலாக வந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் அண்ணாவிமாரின் பழைய ஏற்பாடு நினைவுக்கு வந்தது. அங்கே பழக்குபவர் அந்த ஊர்க்காரர். பிரயாணச் செலவில்லை, நடுவில் முதலாளி இல்லை. என் கணக்கில் மாதம் 31,800 செலவென்றால் அதில் 28,800 மாஸ்டரின் கூலியும் அவர் வரும் வழியும். பழக்குபவர் ஊரிலேயே இருந்து, வகுப்பும் அவருடையதாகவே இருந்தால் அந்தப் பணம் செலவல்ல, அவருடைய வருமானம்.

எங்கள் வகுப்பில் மாஸ்டருக்கு உதவியாக ஓர் இளைஞர் நின்றார். முல்லைத்தீவுப் பக்கம் சிறுவயதில் ஏழு வருடம் முறையாகப் பழகியவர். நெடுங்கேணியில் திருமணம் செய்து குடியிருப்பவர். செப்டெம்பர் முடிவில் மாஸ்டரின் சம்மதத்தோடு வகுப்பை அவரிடம் ஒப்படைத்தேன். 24 பிள்ளைகளும் 8 பெரியவர்களும் இருந்தால் மாதம் 36,000 வரும். திடலுக்கு 3,000, கம்பு மாற்றவும் எண்ணெய்க்கும் 1,500. அவர் கையில் 31,500. கட்டணத்தையும் அவர் மாற்றினார். மழைக்குப் பின், அறுவடைப் பணம் வீடுகளுக்கு வரும் நேரத்தில், மூன்று மாதத்துக்கு 2,700 ரூபாவாக முற்பணம் வாங்குவது என்று. மாதாமாதம் 1,000 தேடுவது விவசாயக் குடும்பத்துக்குக் கஷ்டம் என்பது ஊர்க்காரருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

என் வேலை இப்போது கம்பு கொடுப்பது மட்டும். சோதித்து, எண்ணெய் பூசி, நிழலில் வைத்துக் கொடுக்கிறேன். தேறாததைத் திரும்ப எடுக்கிறேன். கம்பில் சிறு இலாபம் இருக்கிறது, அது என் தொழிலோடு ஒட்டியது.

ஆகவே யாராவது உங்களிடம் வந்து சிலம்ப வகுப்பில் பணம் போடச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பழக்குபவர் எந்த ஊரில் படுத்து எழும்புகிறார்? திடலில் 12 அடி இடைவெளிக்கு எத்தனை பிள்ளை நிற்கும்? கம்பை யார், எங்கே வைத்திருக்கிறார்? இவற்றுக்குச் சரியான பதில் இருந்தால் அவருக்குக் கம்புக்கான கடன் கொடுத்து உதவுங்கள். வகுப்பை வாங்காதீர்கள்.

அந்தப் பையன் ஜூலையில் திரும்பி வந்தான். அவனுடைய தாய்தான் கூட்டிவந்தார். கம்பை அவர் தானே வாங்கி, சீமெந்துத் தரையில் ஒரு தடவை போட்டுப் பார்த்து, ஒலியைக் கேட்ட பிறகுதான் மகனின் கையில் கொடுத்தார்.